ஒரகடம் ‘கம்பெனி லிஸ்ட்’ பிடிஎஃப்: காசு கொடுத்து வாங்காதீர்கள்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை தேடுகிறவர்களைக் குறிவைத்து, "எச்ஆர் நம்பரோடு கம்பெனி லிஸ்ட்" என்று ஒரு பிடிஎஃப் வாட்ஸ்அப்பில் சில நூறு ரூபாய்க்கு ஓடுகிறது. வாங்கியவர்கள் சொல்வது ஒன்றுதான்: பாதி நம்பர் போகாது. போகிற நம்பரில் பேசுவது கம்பெனி இல்லை, ஆள் பிடிக்கும் ஏஜென்சி. யூனிஃபார்முக்கு, கேட் பாஸுக்கு என்று ஜிபே கேட்பார்கள். அங்கேயே போனை வைத்துவிடுங்கள்.

லிஸ்ட் பழசா என்று பார்ப்பது சுலபம். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா செல்போன் ஆலை 2014இல் மூடியாயிற்று. மறைமலைநகரில் ஃபோர்டு 2022இல் கார் தயாரிப்பை நிறுத்திவிட்டது. நோக்கியாவில் செல்போன் செய்ய, ஃபோர்டில் கார் செய்ய ‘ஆள் எடுக்கிறார்கள்’ என்று இருந்தால் மீதியைப் படிக்கவே வேண்டாம்.

புது லிஸ்ட்டிலும் பெரிய ஓட்டை உண்டு. பல லிஸ்ட்டுகள் கம்பெனிப் பதிவு விவரத்தை மாநிலம் வாரியாகப் பிரித்து எடுத்தவை. ஒவ்வொரு கம்பெனிக்கும் CIN என்ற 21 எழுத்துப் பதிவு எண் உண்டு. அதில் 7, 8ஆம் எழுத்துகள் பதிவு அலுவலகம் இருக்கும் மாநிலம், ஆலை இருக்கும் இடம் அல்ல. ராயல் என்ஃபீல்டு ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் வண்டி செய்கிறது. அதை நடத்தும் ஐஷர் மோட்டார்ஸின் எண் `L34102DL1982PLC129877`. DL என்றால் டெல்லி. TN என்று வடிகட்டினால் இவ்வளவு பெரிய ஆலையே காணாமல் போகும். சென்னையில் ஒரு அறை மட்டும் வைத்திருக்கும் கம்பெனி உள்ளே வந்துவிடும்.

சிறப்புப் பொருளாதார மண்டலப் பட்டியலிலும் இதே கதை. அனுமதி, அறிவிக்கை, செயல்பாடு என்று மூன்று கட்டம். அனுமதியோடு நின்றுபோனவை ஏராளம், அங்கே போனால் பொட்டல்காடுதான். `sezindia.gov.in` தளத்தில் செயல்பாட்டில் உள்ளவற்றை மட்டும் எடுங்கள்.

நீங்களே லிஸ்ட் போடுவதென்றால், வீட்டிலிருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடிய ஒரு தொழிற்பூங்காவோடு தொடங்குங்கள். சிப்காட் பூங்கா என்றால் முதலில் அதன் மனை வரைபடத்தைத் தேடி எடுங்கள். பிறகு கூகுள் மேப்பில் சாட்டிலைட் பார்வையில் தெருத் தெருவாக நகருங்கள். மனை ஒதுக்கியிருப்பதால் ஆலை ஓடுகிறது என்று ஆகாது; கூரை போட்ட ஷெட், உள்ளே நிற்கும் லாரி, பைக் ஸ்டாண்டு இருக்கிறதா பாருங்கள். படம் பழசாக இருக்கலாம் என்பதால் ரிவ்யூக்களைப் புதியது முதலாக வரிசைப்படுத்துங்கள். "அன்லோடிங் லேட், வெயிட்டிங் அதிகம்" என்று லாரி டிரைவர் போன மாதம் திட்டியிருந்தால் ஆலை ஓடுகிறது.

ஷீட்டில் பெயர், மனை எண், என்ன தயாரிக்கிறார்கள், கம்பெனியின் சொந்தத் தளத்தில் உள்ள வேலைப் பக்கம், இவை போதும். மனை எண்ணை விடாதீர்கள். போர்டில் ஒரு பெயர், சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருக்கும்; இரண்டையும் இணைப்பது அதுதான்.

திருமுடிவாக்கம், அம்பத்தூர் மாதிரி தொழிற்பேட்டைச் சிறு பட்டறைகள் பலவற்றுக்குத் தளமே கிடையாது. அங்கே கேட்டில் தொங்கும் "ஆட்கள் தேவை" அட்டையைப் பார்த்து, பயோடேட்டாவை நேரில் கொடுப்பதுதான் வழி.