பில்லிங் மென்பொருள் டீலர்ஷிப்: ஐந்தாண்டு அனுபவம்

மதுரையில் ஒரு பில்லிங் மென்பொருள் நிறுவனத்துக்கு டீலராகி ஐந்து ஆண்டுகள் முடிந்துவிட்டன. டீலர்ஷிப் எடுக்கலாமா என்று யோசிப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது மார்ஜின் எத்தனை சதவீதம் என்றுதான். எனக்கு 25 சதவீதம். ஆனால் நிறுவனத்தின் சொந்த விற்பனையாளர் என் வாடிக்கையாளரை அழைத்தால் என்ன ஆகும் என்ற கேள்விதான் என் வருமானத்தை முடிவு செய்திருக்கிறது.

இரண்டாம் ஆண்டில் கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரி ஒருவரைப் பிடித்தேன். நான்கு முறை கடைக்குப் போனேன். அவருடைய 1,400 சரக்குகளின் பட்டியலை ஏற்றினேன். ஒரே துவரம்பருப்பை 50 கிலோ மூட்டையாகவும் ஒரு கிலோ பொட்டலமாகவும் விற்பதால், இருப்பு தவறாமல் குறைவதற்கு அலகுகளை அமைத்துக் காட்டினேன். “நல்லாயிருக்கிறது தம்பி, ஏப்ரல் முதல் தேதி புதுக் கணக்கோடு தொடங்கிவிடலாம்” என்றார் அண்ணாச்சி.

மார்ச் கடைசி வாரத்தில் நிறுவனத்தின் நேரடி விற்பனைப் பிரிவிலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. பட்டியல் விலை 60,000 ரூபாய். அவர்கள் 48,000 சொன்னார்கள். என் கொள்முதல் விலையே 45,000. அதே விலைக்குக் கொடுத்தால் எனக்கு மிஞ்சுவது 3,000. ஆர்டர் அவர்களுக்குப் போனது. ஏப்ரலில் பில் அச்சாகவில்லை என்று அண்ணாச்சி அழைத்ததோ என்னை. போய்ச் சரிசெய்துவிட்டு வந்தேன், மனசு கேட்கவில்லை.

பிறகு அந்த விற்பனையாளரோடு நேரில் பேசியபோதுதான் விஷயம் புரிந்தது. டீலர் வழியாக வரும் விற்பனையில் ஒரு ரூபாய்கூட அவருடைய காலாண்டு இலக்கில் சேராது. மார்ச் முடிவதற்குள் இலக்கைத் தொட வேண்டும், தள்ளுபடி தரும் அதிகாரமும் கையில் இருக்கிறது. அந்த இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

மூன்றாம் ஆண்டில் டீலர்கள் சேர்ந்து முறையிட்ட பின் இரண்டு மாற்றங்கள் வந்தன. முதலாவது, வாடிக்கையாளர் பதிவு. விலைப்புள்ளி கொடுப்பதற்கு முன்பே கடையின் ஜி.எஸ்.டி. எண், பேசிய நபர், அவருக்கு வேண்டியது என்ன, எந்த மாதம் வாங்குவார் என்பதையெல்லாம் பதிய வேண்டும். இரண்டு வேலை நாளில் ஒப்புதல் வரும். அதன்பின் 90 நாள் அந்த வாடிக்கையாளர் என் பொறுப்பு. அதற்குள் நேரடிப் பிரிவு விற்றால் என் மார்ஜினில் பாதி எனக்குக் கமிஷனாக வர வேண்டும். கடைக்குப் போன குறிப்பு இல்லாத பதிவை ஏற்க மாட்டார்கள். இது சரியான நிபந்தனை. இல்லாவிட்டால் ஒருவரே ஒரு வீதி முழுவதையும் பதிந்துவைத்துக்கொண்டு சும்மா இருப்பார்.

இரண்டாவது மாற்றம், டீலர் விற்பனையும் அந்தப் பகுதி விற்பனையாளரின் இலக்கில் சேரும் என்பது. சண்டையை உண்மையில் நிறுத்தியது இதுதான். முன்பு எனக்குத் தெரியாமல் வாடிக்கையாளரை அழைத்தவர், இப்போது திருமங்கலத்திலிருந்து வரும் விசாரணைகளை எனக்கே அனுப்புகிறார். சென்னையிலிருந்து வந்து பொருத்திக் கொடுப்பதைவிட நான் போவது அவருக்கும் லாபம்.

ஆனாலும் ஓட்டை இருந்தது. நான் பதிந்திருந்த மசாலா வியாபாரி ஒருவருக்கு, ஏலக்காய் கொள்முதலுக்காகக் குமுளியில் ஒரு கிளை உண்டு. வேறொரு பகுதியின் விற்பனையாளர் அந்தக் கிளையின் பெயரில் லைசென்ஸ் விற்றுவிட்டார், மதுரைக் கடையிலும் அதுவே ஓடியது. தமிழ்நாட்டு ஜி.எஸ்.டி. எண் 33 என்று தொடங்கும், கேரளத்தினுடையது 32 என்று தொடங்கும். முழு எண்ணை ஒப்பிட்ட கணினிக்கு இருவரும் வேறு ஆட்கள். ஆனால் 15 எழுத்துகளில் மூன்றாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை உள்ளது பான் எண். அது இரண்டிலும் ஒன்றே. இரண்டு பில்களையும் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து அனுப்பினேன். ஐந்து வாரம் கழித்துப் பாதி மார்ஜின் வந்தது. இப்போது பான் எண்ணை வைத்தே சரிபார்க்கிறார்கள்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு நாள் ஓட்டலில் உட்காரவைத்துத் திரையில் காட்டியது எதுவும் நினைவில் இல்லை. பயிற்சியாளர் ஒருநாள் என்னோடு கடைக்கு வந்து, கணக்குப்பிள்ளை கேட்ட கேள்விகளுக்குப் பக்கத்தில் நின்று பதில் சொன்னார். அதுதான் இன்றும் கைகொடுக்கிறது.

இன்னும் தீராத குறை புதுப்பித்தல் மார்ஜின். முதல் ஆண்டு 25 சதவீதம், அடுத்த ஆண்டிலிருந்து 10. ஆண்டுப் புதுப்பித்தல் 12,000 ரூபாய் என்றால் எனக்கு 1,200. அந்தப் பணத்துக்கு ஆண்டு முழுவதும் தொலைபேசியை எடுக்க வேண்டும், மேலூர் வரை வண்டியில் போக வேண்டும். அதனால் பராமரிப்புக்குத் தனி ஒப்பந்தம் போட்டு, கடைக்காரரிடம் நேரடியாகவே வாங்குகிறேன். அண்ணாச்சிதான் அதில் முதல் கையெழுத்துப் போட்டார்.