பழைய படத்துக்கு வயது சொல்வது எது: காரா, ஃப்ரிட்ஜா, காலி டின்னா?

பழைய குடும்பப் படத்தில் ஒரு கார் நின்றால் போதும், எல்லோர் கண்ணும் அதன்மேல்தான் போகும். மாடலைக் கண்டுபிடித்து, அது வெளிவந்த ஆண்டையே படம் எடுத்த ஆண்டாகப் பின்பக்கத்தில் எழுதிவிடுவார்கள். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. ஒரு பொருள் வெளிவந்த ஆண்டு, 'இதற்கு முன் எடுத்திருக்க முடியாது' என்பதை மட்டும்தான் சொல்லும். எதற்குள் எடுத்திருப்பார்கள் என்று தெரிய, அந்தப் பொருள் ஒருவர் கையில் எவ்வளவு காலம் தங்கும் என்று பார்க்க வேண்டும். கார், வீட்டுச் சாதனம், காலி டின் மூன்றும் பிரிவது இந்த இடத்தில்தான்.

காரின் பலம், அதன் சின்னச் சின்ன மாற்றங்களை ஆர்வலர்கள் மாதவாரியாகப் பதிந்து வைத்திருப்பது. வோக்ஸ்வேகன் பீட்டிலின் பின்கண்ணாடியை மட்டும் பாருங்கள். 1953 மார்ச் வரை நடுவில் பட்டை வைத்த இரட்டைக் கண்ணாடி. அதன்பின் ஒற்றை நீள்வட்டக் கண்ணாடி. 1957 ஆகஸ்டில் அது அகன்ற செவ்வகமாகிவிட்டது. நீள்வட்டக் கண்ணாடி தெரிந்தால் கார் தயாரான காலத்தை நாலரை ஆண்டுக்குள் சுருக்கலாம். ஆனால் அதே கார் இருபது ஆண்டு ஓடும், கைமாறும். தொடக்கத்தைத் துல்லியமாகக் காட்டும் கார், முடிவைக் காட்டுவதே இல்லை.

வீட்டுச் சாதனங்களும் அப்படித்தான். ஃப்ரிட்ஜ் கெட்டுப்போகும் வரை அதே மூலையில் இருக்கும். டெலிபோன் கொஞ்சம் பரவாயில்லை: பெல் நிறுவனத்தின் பட்டன் போன் 1963 நவம்பரில் பத்துப் பட்டன்களோடு வந்தது, நட்சத்திரமும் சதுரக்குறியும் 1968இல் சேர்ந்தன. கடைசி வரிசையில் பூஜ்யம் தனியாக இருக்கிறதா, இருபக்கமும் துணை இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

என்னைக் கேட்டால் முதலில் தேட வேண்டியது குப்பையைத்தான். குடித்து வைத்த டின், பிரித்த அட்டைப்பெட்டி போன்றவை வாங்கிய சில வாரங்களில் போய்விடும். கடைக்கு வந்த காலமும் படத்தின் காலமும் ஏறக்குறைய ஒன்றே. திருப்பிக் கொடுக்கும் கண்ணாடி பாட்டிலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது பலமுறை நிரப்பப்பட்டுச் சுற்றி வரும். தண்ணீர் பிடித்து வைக்கவும் ஆண்டுக்கணக்கில் வீட்டில் கிடக்கும்.

சான்றுகள் மோதும் படம் ஒன்றை வைத்துப் பார்ப்போம். அமெரிக்காவில் எடுத்த சுற்றுலாப் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நீள்வட்டக் கண்ணாடி வைத்த பீட்டில். முன்னால் விரிப்பின் மேல் ஒரு டின்னும், சாய்ந்து கிடக்கும் அட்டைப்பெட்டியும். காரை நம்பினால் '1950களின் நடுப்பகுதி' என்று எழுதிவிடுவோம்.

படத்தை 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்து டின்னின் மூடியைப் பெரிதாக்குகிறோம். கண்ணீர்த்துளி வடிவில் ஓட்டை இருக்கிறது, இழுப்பு வளையம் இல்லை. இழுத்துப் பிய்த்து எறியும் மூடி அது. 1960களின் தொடக்கத்தில்தான் அந்த வகை கடைக்கு வந்தது. பிய்ந்து வராமல் டின்னிலேயே ஒட்டி நிற்கும் வளையம் 1975இல் வந்து, 1970களின் இறுதிக்குள் அங்கே பழைய மூடியைப் பெரும்பாலும் ஒழித்துவிட்டது. ஆக, கார் சொன்ன காலம் அப்போதே அடிபட்டுப் போகிறது. அடுத்து அட்டைப்பெட்டியின் ஓரத்தில் கறுப்புக் கோடுகள். பார்கோடுக்கான பொதுத் தரம் முடிவானது 1973 ஏப்ரலில். கடையில் முதன்முதல் ஸ்கேன் செய்தது 1974 ஜூன் 26 அன்று, ஒரு சூயிங்கம் பொட்டலத்தை. 1973க்கு முன் இந்தப் பெட்டி இருந்திருக்க முடியாது.

பெட்டி கீழ்க்கதவை அடைக்கிறது, டின் மேல்கதவை அடைக்கிறது: 1973 முதல் ஏறக்குறைய 1980 வரை. பின்னால் நிற்பது குறைந்தது பதினைந்து ஆண்டு ஓடிய பழைய கார். படத்தில் இருக்கும் குழந்தையின் பிறந்த ஆண்டு தெரிந்தால் இதை இன்னும் சுருக்கலாம்.

இரண்டு இடங்களில் ஏமாறலாம். ஒன்று, ஊர்: பிய்த்தெறியும் மூடி சில நாடுகளில் இன்னும் பல ஆண்டு நீடித்தது, பார்கோடும் எல்லா நாட்டுக்கும் ஒரே ஆண்டில் போகவில்லை. படம் எடுத்த நாட்டின் தேதியைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, மங்கல்: நான்கைந்து கறுப்புக் கீறல்களைக் கண்டதும் பார்கோடு என்று முடிவு கட்டக் கூடாது. கோடுகளுக்கு அடியில் எண்களின் வரிசை மங்கலாகவேனும் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் அந்தச் சான்றை ஒதுக்கிவிட்டு, டின் சொல்லும் அகன்ற காலத்தையே பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள், எதை வைத்துச் சொன்னீர்கள் என்பதையும் சேர்த்து.