இடிந்த சுவரின் தலைக்கு எது காப்பு: சிமென்ட்டா, புல்லா, சுண்ணாம்பா?

இடிந்த கட்டடத்தை மீண்டும் எழுப்பாமல், இடிந்த கோலத்திலேயே நிறுத்தி வைக்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சுவரின் தலையைத்தான். கூரை இருந்தவரை மழையே படாத சுவரின் உட்பகுதி, கூரை போனபின் மேலிருந்து நேராக நனைகிறது. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ப்பதால், திறந்து கிடக்கும் சுவருக்கு இடையில் உலர நேரமே கிடைப்பதில்லை.

அடையாற்றங்கரைக்கு அருகே, பழைய தோட்டவீடு ஒன்றின் மிச்சமாக நின்ற இரண்டடி கனச் சுவரை வைத்தே இதைப் பேசுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் யாரோ அதன் தலையில் சிமென்ட் பூசியிருந்தார்கள். பார்வைக்கு அது நன்றாகவே இருந்தது. மரச்சுத்தியலால் தட்டியபோதுதான் உள்ளே பொள்ளலான ஓசை கேட்டது. பூச்சுக்குக் கீழிருந்த மூன்று வரிச் செங்கல்லும் விரல் பட்டாலே மாவாக உதிர்ந்தன; அதற்கும் கீழே வெள்ளைப் பட்டையாக உப்புப் பூத்திருந்தது.

காரணம் எளிது. சிமென்ட் இறுகும்போது சுருங்கி முடியளவு வெடிக்கிறது. பின்னர் வெயிலில் செங்கல்லைவிட அதிகமாக விரிகிறது. அந்த வெடிப்பின் வழியே இறங்கும் நீர், இறுகிய பூச்சின் வழியாக மேலே ஆவியாக முடியாமல் பக்கவாட்டில் செங்கல்லின் வழியே வெளியேறுகிறது. கடற்காற்று கொண்டுவந்த உப்பு அங்கே படிகமாகிச் செங்கல்லைப் பிளக்கிறது. பூச்சு கெடாமல் நிற்க, அது காக்க வேண்டிய சுவர் கரைந்துவிடுகிறது.

இங்கிலாந்தில் மடாலய இடிபாடுகளின் சுவர்த்தலையில் மண்ணிட்டுப் புல் வளர்க்கும் முறை நன்கு ஆராயப்பட்டு, பயன் தருவதாகவும் அறியப்பட்டுள்ளது. புல்பத்தை மழைநீரை உறிஞ்சி வைப்பதோடு, உறைபனியின் கடுமையையும் குறைக்கிறது. ஆனால் நமக்கு உறைபனி இல்லை. ஏப்ரல் முதல் ஜூன் வரை நீளும் கோடைதான் இருக்கிறது. நீரூற்றாமல் விட்டால் மெல்லிய மண்படலம் வெந்து புல் கருகும், அடுத்த பெருமழையில் மண்ணும் வழிந்து போகும். அதைவிடப் பெரிய கவலை, அந்த மண் அரச விதைக்கு அமைத்துக் கொடுத்த நாற்றங்காலாகிவிடும் என்பது. முழங்கால் உயர அடித்தளச் சுவர்களில், அடிக்கடி பார்க்க ஆள் இருந்தால் மட்டுமே இதை நான் முயல்வேன்.

எஞ்சுவது சுண்ணாம்பு. அந்தச் சுவரில் முதலில் நாற்புறமும் படமெடுத்து, தளர்ந்த கற்களுக்கு மட்டும் எண்ணிட்டு இறக்கினோம். சிமென்ட்டை இயந்திரம் கொண்டு உடைக்காமல் உளியால் பெயர்த்தோம். ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பு, ஒரு பங்கு சுர்க்கி என்னும் செங்கல் பொடி, இரண்டு பங்கு ஆற்றுமணல் கலந்து கற்களை அதே இடங்களில் பதித்தோம். கடல்மணல் கூடாது, அதிலேயே உப்பு இருக்கிறது. நீர் தேங்கும் பள்ளங்களை மட்டும் செங்கல் துண்டும் சாந்தும் இட்டு, இருபுறமும் வழியும்படி சரித்தோம்.

கொத்தனார் நூல் கட்டி மட்டம் பிடிக்கப் போனார். வேண்டாமென்றதும், “மட்டமில்லாம விட்டா வேலை முடியலன்னு சொல்லுவாங்க சார்” என்று வருந்தினார். அவர் வருத்தம் நியாயமானதே. ஆனால் நேர்கோடாக முடியும் சுவர் இடிந்த சுவராகத் தெரியாது, புதிதாய்க் கட்டிய மதிலாகவே தெரியும். எனவே பழைய உடைவின் ஏற்ற இறக்கத்தைப் படத்தோடு ஒப்பிட்டு, கல் கல்லாகப் பின்பற்றினோம். வெயிலில் சாந்து வெளுத்து உதிராமலிருக்க இரண்டு வாரம் ஈரச்சாக்கால் மூடி வைத்தோம். இத்தகைய வேலைக்கு ஜனவரி, பிப்ரவரி ஏற்றவை.

இந்த முறைக்கும் குறை உண்டு. மேல் வரியில் இட்ட சாந்து தேயும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் இட வேண்டியிருக்கும். சுவருக்குப் பதில் தேய்வதற்காகவே அது அங்கே இருக்கிறது என்பதால், அந்தச் செலவை நான் குறையாக எண்ணவில்லை.

செடி விஷயத்திலும் இரண்டு வழிகள் இருந்தன. அச்சுவரில் மணிக்கட்டுக் கனத்தில் நின்ற அரசமரத்தை முன்பு யாரோ வெட்டியிருக்க, அது ஐந்து கிளையாகத் துளிர்த்திருந்தது. வேரோடு பிடுங்கினால் வேர் கவ்விய கற்களும் கூடவே வரும். அமிலம் ஊற்றினால் அது சுண்ணாம்பைத் தின்னும். ஆகவே தலைக்காப்பு இடுவதற்கு ஓராண்டு முன்பே அதைக் குட்டையாக வெட்டி, வெட்டுவாய் உலரும் முன் களைக்கொல்லியான கிளைஃபோசேட்டைத் தூரிகையால் தடவினோம். மீண்டும் துளிர்த்த ஒரு முளைக்கு இன்னொரு முறை தடவ வேண்டியிருந்தது. மரம் பட்டபின் வெளியே நீட்டிய வேரை மட்டும் அறுத்தோம். உள்ளே இருக்கும் வேர் மட்கிச் சுருங்கும்போது பொந்து விழும் என்பதால், அடுத்தடுத்த ஜனவரிகளில் அவ்விடத்தைத் தட்டிப் பார்த்து, ஓசை மாறிய இடத்தில் நீர்த்த சுண்ணாம்புச் சாந்தைச் செலுத்துகிறோம். அதே நாளில், காக்கை எச்சத்தில் முளைத்து இன்னும் விரல் கனம்கூட ஆகாத கன்றுகளை, மழை ஈரம் காயும் முன் கையாலேயே பிடுங்கிவிடுகிறோம்.