ரோகு, கட்லா, மிர்கால், புல்கெண்டை: படத்தை வைத்துப் பிரிப்பது எப்படி?

கடையில் ரோகு என்று குவித்து வைத்திருப்பதில் மிர்காலும் புல்கெண்டையும் கலந்து கிடப்பது சகஜம். எல்லாம் ஒரே குளத்தில் சேர்த்து வளர்க்கிற மீன்கள்தானே. வெட்டாத மீனின் பக்கவாட்டுப் படம் இருந்தால் பெரும்பாலும் பிரித்துவிடலாம். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கடை விளக்கில் எல்லாமே ஒரு மாதிரி மின்னும்.

நான் முதலில் பார்ப்பது வாயை. கட்லா மேல்மட்டத்தில் மேயும் மீன். அதனால் கீழ்த்தாடை முன்னே துருத்தி, வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும். ரோகுவுக்கு மூக்கு முன்னே நீண்டு, வாய் அதற்கு அடியில் இருக்கும்; உதடு தடித்து, ஓரம் குஞ்சம் வைத்ததுபோல் பிசிறாக இருக்கும். அடிமட்டத்தில் மேயும் மிர்காலுக்கும் வாய் கீழே சற்றுத் தள்ளித்தான். ஆனால் உதடு மெல்லியது, பிசிறு கிடையாது, மூக்கு மழுங்கல். ரோகுவா மிர்காலா என்ற குழப்பத்தை இந்த உதடுதான் தீர்க்கும். உடல்வாகு அடுத்தபடிதான்: மிர்கால் ஒல்லி, ரோகு கொஞ்சம் பருமன்.

புல்கெண்டைக்கு வாயைவிட முதுகுத் துடுப்பு நல்ல அடையாளம். மற்ற மூன்றுக்கும் அது நீளமான அடிப்பாகத்தோடு, வயிற்றுத் துடுப்புக்கு நன்றாக முன்னாலேயே தொடங்கும். துடுப்பைத் தாங்கி நிற்கும் கம்பி போன்ற கதிர்களில் நுனி கிளைத்தவை ரோகுவுக்கும் மிர்காலுக்கும் 12, 13 இருக்கும், கட்லாவுக்கு இன்னும் கூடுதல். புல்கெண்டைக்கு ஏழெட்டுதான், துடுப்பு குட்டையாக, ஏறக்குறைய வயிற்றுத் துடுப்புக்கு நேர் மேலே நிற்கும். தலை அகலம், உடல் உருளை, வாய் முகத்தின் நுனியில். பெரிய செதில் ஒவ்வொன்றின் ஓரத்திலும் கருமை தெரியும்.

செதில் அளவு இந்த நான்குக்குள் பெரிதாக உதவாது. எல்லாமே பெரிய செதில்தான். கட்லா என்று வெள்ளிக்கெண்டையைத் தள்ளிவிடும்போது மட்டும் கைகொடுக்கும். அதற்கும் வாய் மேல்நோக்கித்தான் இருக்கும். ஆனால் செதில் பொடிப்பொடியாக இருக்கும், கண் தாழ்ந்திருக்கும், வயிற்றின் அடியில் கத்திமுனை போல ஒரு விளிம்பு ஓடும்.

நண்பர் ஒருவர் அனுப்பிய படத்தில் தலை பெரிதாகத் தெரிந்தது. வாயும் திறந்திருந்தது. கடைக்காரர் கட்லா என்றாராம். தலைமாட்டில் போனைப் பிடித்து எடுத்த படம், அதனால்தான் தலை அவ்வளவு பெரிது. செத்த கெண்டையின் வாய் திறந்தால் மேலுதடு முன்னே நீண்டுவிடும், வாயின் நிலையே மாறித் தெரியும். வாயை மூடி, நடு உடலுக்கு நேராகப் பிடித்து, முதுகுத் துடுப்பை விரித்து இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன். அதில் மூக்குக்குக் கீழே வாய், உதட்டில் பிசிறு, முதுகில் கட்லாவின் திமிலேற்றம் இல்லை. ரோகு.

இரண்டுக்கும் நடுவில் தெரியும் மீனும் வரும். குஞ்சுப் பண்ணைகளில் ரோகுவும் கட்லாவும் கலந்து பிறந்த கலப்பினங்கள் உண்டு. தலை கட்லா மாதிரி, உதடு ரோகு மாதிரி இருந்தால் படத்தை வைத்து எந்தப் பெயரும் சொல்ல மாட்டேன்.