பணம் இரட்டிப்பாகும் காலம்: 72 விதியா, மடக்கையா?

கடலூரில் எந்தத் தபால் ஆபீஸிலும் கிசான் விகாஸ் பத்திரம் பற்றிக் கேட்டால் முதலில் வரும் பதில் வட்டி விகிதம் இல்லை, மாதக் கணக்குதான். "115 மாசத்துல டபுள் ஆயிடும்." 2023 ஏப்ரலில் இதன் வட்டியை 7.5 சதவீதமாக உயர்த்தியபோது வந்த கணக்கு இது. அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் வட்டி 7.2 சதவீதம், இரட்டிப்புக் காலம் 120 மாதம். இந்த இரண்டு எண்களையும் வைத்தே 72 விதி எவ்வளவு துல்லியமானது என்று உரசிப் பார்த்துவிடலாம்.

விதி இதுதான்: 72-ஐ ஆண்டு வட்டியால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் ஆண்டுகள் கிடைக்கும். 72-ஐ 7.2-ஆல் வகுத்தால் 10 ஆண்டு, அதாவது 120 மாதம். 7.5-ஆல் வகுத்தால் 9.6 ஆண்டு, அதாவது 115.2 மாதம். பத்திரத்தில் இருப்பதும் ஏறக்குறைய அதே எண்.

மடக்கை வழியில் 2-இன் மடக்கையை 1.075-இன் மடக்கையால் வகுக்க வேண்டும். எந்த அடிமானத்தில் எடுத்தாலும் விடை ஒன்றுதான், ஏனென்றால் நமக்கு வேண்டியது விகிதம் மட்டும். போன் கால்குலேட்டரிலோ எக்செலிலோ இப்படி:

```
=LN(2)/LN(1.075)
```

விடை 9.584 ஆண்டு. 12-ஆல் பெருக்கினால் 115.01 மாதம். அரசு அறிவித்த 115 மாதத்தோடு அப்படியே ஒட்டிப்போகிறது. 72 விதிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஆறு நாள்தான். பத்து ஆண்டுக்குப் பணத்தைப் போட்டு வைப்பவருக்கு ஆறு நாள் ஒரு பொருட்டே இல்லை.

இங்கே நிறுத்தினால் 72 விதியே போதும் என்று தோன்றும். ஆனால் 7.5 என்பது அந்த விதிக்கு மிகவும் தோதான இடம். அங்கிருந்து விலக விலக என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கீழே உள்ளவை எல்லாம் ஆண்டுக்கு ஒருமுறை வட்டி அசலில் சேரும் கணக்குகள்.

| ஆண்டு வட்டி (%) | 72 விதி (ஆண்டு) | மடக்கை (ஆண்டு) | விதியின் பிழை |
|---|---|---|---|
| 2 | 36.00 | 35.00 | 12 மாதம் அதிகம் |
| 5 | 14.40 | 14.21 | 70 நாள் அதிகம் |
| 8 | 9.00 | 9.01 | 2 நாள் குறைவு |
| 12 | 6.00 | 6.12 | 42 நாள் குறைவு |
| 24 | 3.00 | 3.22 | 81 நாள் குறைவு |

வட்டி குறைவாக இருந்தால் விதி காலத்தைக் கூட்டிச் சொல்கிறது, அதிகமாக இருந்தால் குறைத்துச் சொல்கிறது. இரண்டும் சரியாகப் பொருந்தும் இடம் சுமார் 7.85 சதவீதம். ஐந்திலிருந்து பத்து சதவீதம் வரை உள்ள சேமிப்புக் கணக்குகளுக்கு 72-ஐத் தயங்காமல் பயன்படுத்தலாம் என்பது என் முடிவு. கடன் வட்டிக்கு அப்படியே பயன்படுத்தக் கூடாது.

இந்த 72 எங்கிருந்து வந்தது? 1494-இல் வெனிஸில் அச்சான லூக்கா பாச்சோலியின் கணித நூலில் இந்த விதி இருக்கிறது, ஆனால் ஏன் 72 என்ற விளக்கம் இல்லை. நேப்பியர் மடக்கையை வெளியிட்டது 1614-இல். ஆக, வணிகர்கள் கையில் விதி இருந்தபோது அதைச் சரிபார்க்கும் கருவி இன்னும் பிறக்கவே இல்லை.

காரணம் தெரிந்துகொண்டால் விதியை நாமே திருத்திக்கொள்ளலாம். வட்டி ஒவ்வொரு கணமும் அசலில் சேர்ந்துகொண்டே இருந்தால், சரியான எண் 72 இல்லை, 69.3. 2-இன் இயற்கை மடக்கை 0.693 அல்லவா, அதன் நூறு மடங்கு அது. ஆனால் நிஜத்தில் வட்டி அப்படிச் சேர்வதில்லை, ஆண்டு முடிவு வரை காத்திருந்து சேர்கிறது. காத்திருக்கும் நேரத்தில் வட்டிக்கு வட்டி கிடைக்காது, அதனால் இரட்டிப்பாகக் கொஞ்சம் கூடுதல் காலம் பிடிக்கும். அந்தக் கூடுதலுக்காக 69.3-ஐ உயர்த்த வேண்டும். எவ்வளவு? ஒரு தவணைக்குச் சேரும் வட்டி ஒவ்வொரு சதவீதத்துக்கும் சுமார் 0.35. எட்டு சதவீதத்துக்கு 2.8 கூட்டினால் 72.1. இதுதான் 72-இன் ரகசியம். அதோடு 2, 3, 4, 6, 8, 9, 12 என எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும் எண் என்பதால் மனக்கணக்குக்கும் வசதி.

இதிலிருந்தே ஒரு சுருக்கமான திருத்தம் கிடைக்கிறது. வட்டி எட்டைத் தாண்டும் ஒவ்வொரு மூன்று சதவீதத்துக்கும் 72-உடன் ஒன்றைக் கூட்டுங்கள், எட்டுக்குக் கீழே போனால் அதே கணக்கில் கழியுங்கள். 14 சதவீதம் என்றால் ஆறு கூடுதல், எனவே 74. அதை 14-ஆல் வகுத்தால் 5.29 ஆண்டு, மடக்கையும் 5.29 என்றே சொல்கிறது. 2 சதவீதத்துக்கு 70, விடை 35 ஆண்டு. அட்டவணையில் ஓர் ஆண்டு பிசகிய அதே வரி இப்போது சரியாகிவிட்டது. மடக்கை அட்டவணையோ போனோ கையில் இல்லாதபோது, திருத்திய விதி அநேகமாக மடக்கைக்கு ஈடாகவே நிற்கும்.

சரி, எங்கே உண்மையிலேயே மாட்டிக்கொள்வோம்? இரண்டு திட்டங்களை ஒப்பிடும்போது.

திருப்பாதிரிப்புலியூரில் என் சித்தப்பா ஒருவர் முந்திரி விற்ற பணம் மூன்று லட்சத்தை வைத்துக்கொண்டு, பத்திரமா பேங்க் டெபாசிட்டா என்று யோசித்தார். பத்திரம் 7.5, பேங்க் 7.4. "கம்மி வட்டிக்கு எதுக்குப்பா பேங்க்ல போடணும்?" என்றார். 72 விதியும் அவர் பக்கமே பேசியது: பத்திரத்துக்கு 115.2 மாதம், பேங்குக்கு 116.8 மாதம். ஆனால் பத்திரத்தில் வட்டி ஆண்டுக்கு ஒருமுறைதான் அசலில் சேர்கிறது. பேங்க் டெபாசிட்டிலோ காலாண்டுக்கு ஒருமுறை சேர்கிறது. காலாண்டுக்கு 1.85 சதவீதம் என்று வைத்து மடக்கை போட்டால்:

```
=LN(2)/LN(1.0185)/4
```

9.453 ஆண்டு, அதாவது 113.4 மாதம். பேங்க்தான் முந்துகிறது. 115 மாதம் முடியும்போது பத்திரத்தில் ஆறு லட்சம், பேங்க் கணக்கிலோ அதைவிடச் சுமார் 5,700 ரூபாய் கூடுதல். வருமான வரியைச் சேர்க்காத கணக்கு இது, அவரவர் வரி வரம்பைப் பொறுத்து அது மாறும். "அப்போ பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாதுங்கிற" என்று அவரே முடித்துக்கொண்டார்.

இங்கே 72 விதியின் பிழை சிறியதுதான். ஆனால் ஒப்பிடும் இரண்டு திட்டங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம் அதைவிடச் சிறியது, அதனால் வரிசையே தலைகீழாகிவிட்டது. இதற்கும் மேலே சொன்ன காரணமே மருந்து. தவணைக்கு வட்டி 1.85 என்றால் 69.3-உடன் கூட்ட வேண்டியது 0.65 மட்டும், எனவே 70. 70-ஐ 7.4-ஆல் வகுத்தால் 9.46 ஆண்டு, 113.5 மாதம். ஆக, ஆண்டுக்கு ஒருமுறை சேரும் வட்டிக்கு 72, காலாண்டுக்கு ஒருமுறை சேரும் வட்டிக்கு 70 என்று பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

மடக்கை என்றால் பிழையே வராது என்றும் எண்ண வேண்டாம். பள்ளியில் புரட்டிய நான்கு இலக்க லாக் டேபிளில் 1.01-க்கு 0.0043 என்றுதான் இருக்கும். 0.3010-ஐ அதனால் வகுத்தால் 70 ஆண்டு வருகிறது, உண்மையான விடை 69.66. வட்டி சிறிதாகச் சிறிதாக டேபிளில் பயனுள்ள இலக்கங்கள் குறைந்துபோவதால் இந்தச் சறுக்கல். போன் கால்குலேட்டரில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் வேறொரு தவறு அடிக்கடி நடக்கும்: 1.075-க்குப் பதில் 1.75 என்று தட்டிவிடுவது. விடை 1.24 ஆண்டு என்று வரும். 72 விதி மனதில் இருந்தால், ஒன்பதரை ஆண்டு வரவேண்டிய இடத்தில் ஒன்றேகால் ஆண்டு வந்திருக்கிறதே என்று உடனே தட்டும். மடக்கை போடுவதற்கு முன்னால் விதியில் ஒரு தோராயம் பார்த்துவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

கடைசியாகக் கடன் பக்கம். கடலூர், புதுச்சேரிப் பகுதியில் கைமாற்றாகவோ புரோநோட்டு எழுதியோ வாங்கும் பணத்துக்கு "மூணு வட்டி" என்று பேசுவார்கள், நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். ஆண்டுக்கு 36 சதவீதம் என்று எடுத்து 72-ஐ வகுத்தால் இரண்டே ஆண்டில் கடன் இரட்டிப்பு. உண்மை என்னவென்று கேட்டால் ஒரு விடை இல்லை, மூன்று இருக்கின்றன. கட்டாத வட்டி மாதாமாதம் அசலில் சேர்ந்தால் 23.45 மாதம். ஆண்டுக்கு ஒருமுறை சேர்த்தால் 27 மாதம். வட்டிக்கு வட்டியே போடாமல் தனி வட்டியாக ஓடினால் 33 மாதம் 10 நாள், அங்கே 72-க்கும் வேலையில்லை, மடக்கைக்கும் வேலையில்லை, 100-ஐ 3-ஆல் வகுத்தால் முடிந்தது.

ஒரே மூணு வட்டியில் பத்து மாத வித்தியாசம். எந்தச் சூத்திரமும் இதைத் தானாகக் கண்டுபிடித்துச் சொல்லாது. கட்டாமல் விட்ட வட்டி எப்போது அசலாக மாறும் என்று பணம் கொடுப்பவரிடம் கேட்டு, அதைப் புரோநோட்டிலேயே எழுதி வாங்கிய பிறகுதான் 72-ஐயோ மடக்கையையோ கையில் எடுக்க வேண்டும்.