மூணு வருஷமா ஒரு டிரைன் ஸ்பிரிங்கோட மல்லுக்கட்டுறேன்

நேத்து ஃப்ரெண்டு போன் பண்ணி, "மச்சான் உன்கிட்ட அடைப்பு எடுக்குற ஸ்பிரிங் இருக்குல்ல, வாங்கலாமாடா"ன்னு கேட்டான். அவன் கேட்ட நேரம் சரியில்ல, ஏன்னா அன்னிக்கு காலைலதான் அதோட பட்டர்ஃபிளை ஸ்க்ரூ மரை போய் கையோட வந்துச்சு. வாங்கவே வாங்காதன்னு கத்திட்டு வச்சுட்டேன். இப்ப கொஞ்சம் கோவம் தணிஞ்சு எழுதுறேன்.

என்னோடது டிரம் டைப், கைப்பிடி வச்சு சுத்துறது, கால் இஞ்ச் தடிமன், 25 அடி. ஸ்பிரிங் மேல எந்தக் குறையும் இல்ல. என் பிரச்சனையெல்லாம் ஸ்பிரிங்க டிரம்மோட இறுக்கிப் பிடிக்கிற அந்த ஒரு ஸ்க்ரூதான். ஸ்பிரிங்க பைப்புக்குள்ள தள்ளி, வெளிய அரை அடி மட்டும் விட்டு, ஸ்க்ரூவ டைட் பண்ணிட்டு சுத்தணும், அந்த அரை அடி உள்ள போனதும் திரும்ப லூஸ் பண்ணி அடுத்த அரை அடி இழுத்து திரும்ப டைட் பண்ணணும். கையெல்லாம் சாக்கடை எண்ணெய், அதுல இந்த ஸ்க்ரூ வழுக்கும், சரியா பிடிக்கலைன்னா தள்ளத் தள்ள ஸ்பிரிங் முன்னாடி போகாம டிரம்முக்குள்ளயே திரும்பி வந்துரும். சலிப்புல ஒரு தடவ ரெண்டடி வெளிய விட்டு சுத்தினேன். முனை உள்ள மாட்டியிருக்கு, நான் சுத்துறேன், வெளிய தொங்குனது பாம்பு மாதிரி முறுக்கிக்கிட்டு மணிக்கட்டுல அடிச்சது. அதுலருந்து அரை அடிக்கு மேல விடுறதில்ல.

நேத்து கதை கிச்சன் சிங்க். முதல்ல பாத்ரூம்ல ஒரு பக்கெட் தண்ணி ஊத்திப் பார்த்தேன், அது ஒழுங்கா போச்சு, அப்ப அடைப்பு சிங்க் லைன்லதான். எல்லா இடத்துலயும் தண்ணி எதுத்து வந்தா அது வெளி சேம்பர் பிரச்சனை, இந்த 25 அடிய வச்சுக்கிட்டு அங்க ஒண்ணும் கிழிக்க முடியாது.

சிங்க் ஓட்டை வழியா மட்டும் விட்றாதீங்க. கீழ இருக்கே சுருக்கம் சுருக்கமா வேஸ்ட் பைப், அந்த மடிப்புல முனை மாட்டி பைப்பையே கிழிச்சுரும், எனக்கு முதல் வருஷமே கிழிஞ்சுது. பக்கெட்ட வச்சுட்டு அதைக் கழட்டி, சுவத்துக்குள்ள போற பிவிசி பைப்புல நேரா விடணும். நாலடில டொக்குனு நின்னுச்சு. அது பைப் திரும்புற எல்போ. எல்போன்னா கெட்டியா முட்டும், மெதுவா சுத்தினா வளைஞ்சு போயிடும். அடைப்புன்னா மெத்துனு இருக்கும், சுத்தும்போது கைப்பிடி கனக்கும். எங்க வீட்டு எல்போ எந்த அளவுல வருதுன்னு ஸ்பிரிங்ல நெயில் பாலிஷ் வச்சு குறிச்சிருக்கேன் (வீட்டம்மாவுக்குத் தெரியாது).

எட்டடில மெத்துனு வந்துச்சு. ஓட்டை விழுந்து தண்ணி இறங்கினதும் வேலை முடிஞ்சதுன்னு நினைச்சுதான் முன்னாடி ஏமாந்தேன், ஒரே வாரத்துல திரும்ப அடைச்சுது. எண்ணெய் அடைப்புல ஸ்பிரிங் நடுவுல ஒரு துளைதான் போடும், சுத்தி ஒட்டுன களி அப்படியே நிக்கும். அதனால அந்த ஒரு அடிய நாலஞ்சு தடவ முன்ன பின்ன ஓட்டி, வெளிய இழுக்கும்போதும் அதே பக்கமா சுத்திக்கிட்டே இழுத்தேன், மாத்தி சுத்தினா பிடிச்சதெல்லாம் உள்ளயே விட்டுரும். அப்புறம் கை பொறுக்கிற சூட்டுல ரெண்டு பக்கெட் தண்ணி. கொதிக்கக் கொதிக்க ஊத்தினா பிவிசி இளகி ஜாயின்ட்ல ஒழுக ஆரம்பிச்சுரும். கடைசில திரும்ப விட்டுப் பார்க்குறப்பதான் ஸ்க்ரூ போச்சு. இழுத்து வெளிய எடுக்க அரை மணி நேரம்.

பாத்ரூமுக்கு இது வேஸ்ட். தரைல இருக்குற நஹானி ட்ராப் வளைவுல முனை திரும்பவே திரும்பாது. ஜல்லடைய எடுத்து, உள்ள இருக்குற கப்ப தூக்கி, முடிய கையால எடுத்தாலே முக்காவாசி சரியாகும், இல்லன்னா முள்ளு வச்ச அந்த பிளாஸ்டிக் பட்டை போதும்.

ஒண்ணு மட்டும் சீரியஸா சொல்றேன், ஏற்கனவே டிரைன் பவுடரோ ஆசிட்டோ போட்டு தண்ணி தேங்கி நிக்குதுன்னா ஸ்பிரிங்க விடாதீங்க, சுத்தும்போது அந்தத் தண்ணி மூஞ்சில தெறிக்கும். பவுடர் போட்டிருந்தா வர்ற ப்ளம்பர்கிட்டயும் முன்னாடியே சொல்லிருங்க. வெறும் அடைப்புன்னாலும் நான் கிளவுஸ், கண்ணாடி இல்லாம தொடுறதில்ல.

மூணு வருஷத்துல ஆறு தடவ ப்ளம்பர் காசு மிச்சம் பண்ணிக் கொடுத்துருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனாலும் ஃப்ரெண்டுக்கு என் பதில் அதேதான், வாங்காத. என்னோடத எடுத்துட்டுப் போ, ஹார்டுவேர் கடைல புது ஸ்க்ரூ ஒண்ணு வாங்கி மாட்டிக்கோ, திருப்பித் தரும்போது கழுவி, காய வச்சு, கொஞ்சம் எண்ணெய் தடவிட்டு டிரம்முக்குள்ள சுத்து. ஈரத்தோட வச்சு துருப்பிடிச்சு வந்துச்சு, தொலைச்சுருவேன்.