காதுவலிக்கு மூன்று நாள், சைனஸுக்குப் பத்து நாள்: காத்திருப்பதா, ஆன்டிபயாடிக் தொடங்குவதா?

திடீரென வரும் நடுச்செவி அழற்சிக்கும் சைனஸ் அழற்சிக்கும் மருத்துவர் முன் இருப்பவை இரண்டு வழிகள்: உடனே ஆன்டிபயாடிக் தொடங்குவது, அல்லது வலிக்கு மட்டும் மருந்து கொடுத்துக் கவனித்துக் காத்திருப்பது. இரண்டாவது வழியை 'சும்மா விட்டுவிடுவது' என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். வலிநிவாரணி, மறுபரிசோதனைக்கான நாள், எந்த நிலையில் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும் என்ற தெளிவான நிபந்தனை ஆகிய மூன்றும் இல்லாத காத்திருப்பை அந்தப் பெயரால் அழைக்க முடியாது.

இரண்டரை வயது, 12 கிலோ எடையுள்ள ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். நான்கு நாட்களாகச் சளி இருக்கிறது, நேற்றிரவு வலது காதைப் பிடித்துக்கொண்டு லேசாக அழுதது, காய்ச்சல் 38.2 டிகிரி செல்சியஸ். முதலில் உறுதிசெய்ய வேண்டியது, இது உண்மையில் நடுச்செவி அழற்சிதானா என்பதை. செவிப்பறை சிவந்திருப்பது மட்டும் போதாது. அழும் குழந்தைக்கு அது தானாகவே சிவக்கும். செவிப்பறை வெளிப்புறமாகப் புடைத்திருக்கிறதா என்பதே நம்பத்தக்க அடையாளம். புடைப்பில்லாமல் பின்னால் நீர் மட்டும் தேங்கியிருந்தால் அது வேறு நிலை. அதற்கு ஆன்டிபயாடிக் உதவாது.

நம் குழந்தைக்கு வலது செவிப்பறை மட்டும் புடைத்திருக்கிறது என்று கொள்வோம். வயது இரண்டைத் தாண்டிவிட்டது, வலி கடுமையாக இல்லை, 48 மணி நேரத்தையும் எட்டவில்லை, காய்ச்சல் 39 டிகிரிக்குக் கீழே, காதில் சீழ் வடியவில்லை. இங்கே இரண்டு வழிகளும் ஏற்கத்தக்கவை. நான் காத்திருப்பின் பக்கம் சாய்வேன். ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஏறத்தாழ 60 சதவீதக் குழந்தைகளுக்கு 24 மணி நேரத்தில் வலி அடங்கிவிடுகிறது. சுமார் 20 குழந்தைகளுக்கு மருந்து கொடுத்தால்தான், இரண்டு மூன்று நாளில் கூடுதலாக ஒரு குழந்தைக்கு வலி தீர்ந்திருக்கும். அதே மருந்தால் சுமார் 14 குழந்தைகளில் ஒன்றுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு அல்லது தோல் தடிப்பு வருகிறது.

இதே குழந்தைக்கு 14 மாத வயதாகி, இரண்டு காதுகளும் புடைத்திருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். அந்த வயதில் இருகாது அழற்சிக்கு, நான்கைந்து பேருக்கு மருந்து கொடுத்தாலே ஒருவருக்குக் கூடுதல் பலன் தெரிகிறது. காதில் சீழ் வடியும் குழந்தைக்கும், கடும் வலியோ 39 டிகிரிக்கு மேற்பட்ட காய்ச்சலோ உள்ள குழந்தைக்கும் உடனே தொடங்குவதே சரி. ஆறு மாதத்துக்கு உட்பட்ட கைக்குழந்தையிடம் காத்திருப்பு என்ற பேச்சே இல்லை.

காத்திருக்க முடிவெடுத்தால், எடைக்கேற்ற பாரசிட்டமாலைத் தயங்காமல் கொடுக்க வேண்டும். ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் முதல் நாள் வலியைத் தணிப்பது இதுதான். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் முன்னேற்றம் இல்லையென்றாலோ இடையில் மோசமானாலோ அமாக்சிசிலின் தொடங்கப்படும்: கிலோவுக்கு நாளொன்றுக்கு 90 மி.கி. என்று கணக்கிட்டால் 1080 மி.கி., அதாவது வேளைக்கு 540 மி.கி. வீதம் இரண்டு வேளை, இந்த வயதில் ஏழு நாட்கள். கடந்த 30 நாட்களுக்குள் அமாக்சிசிலின் சாப்பிட்டிருந்தால் கிளாவுலனேட் சேர்ந்த மருந்து தேவைப்படும். மீண்டும் வர இயலாத குடும்பத்துக்கு மருந்துச் சீட்டை இப்போதே எழுதிக் கொடுத்து, நிபந்தனை நிறைவேறினால் மட்டும் வாங்கச் சொல்வது நல்ல நடுவழி. காதுக்குப் பின்னால் வீங்கிச் சிவந்து, காதுமடல் முன்னே தள்ளப்பட்டால் அந்த மூன்று நாளெல்லாம் கணக்கில்லை. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சைனஸில் கடிகாரம் வேறு இடத்திலிருந்து ஓடத் தொடங்குகிறது. காதில் வலி தொடங்கிய வேளையிலிருந்து எண்ணுகிறோம். இங்கே சளி பிடித்த முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். சைனஸ் அழற்சி பெரும்பாலும் வைரஸால் வருவது. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது பாக்டீரியாவுக்குச் சாட்சியாகாது. பத்து நாட்கள் கடந்தும் சற்றும் குறையாமல் நீடிப்பது, தொடக்கத்திலேயே 39 டிகிரிக் காய்ச்சலும் சீழ்ச்சளியும் மூன்று நான்கு நாள் தொடர்வது, ஐந்தாறு நாளில் தேறி வந்தவர் மறுபடி காய்ச்சலும் தலைவலியுமாகச் சரிவது ஆகிய மூன்றில் ஒன்று இருந்தால்தான் பாக்டீரியா என்று கருதலாம். பின்னிரண்டிலும் நான் காத்திருக்க மாட்டேன். முதலாவதில், திரும்பி வரக்கூடிய ஆரோக்கியமான பெரியவருக்கு, உப்புநீரால் மூக்கைக் கழுவிக்கொண்டும் வலிநிவாரணியோடும் இன்னும் ஒரு வாரம் வரை பொறுத்துப் பார்க்க இடமுண்டு. கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரட்டையாகத் தெரிதல், கழுத்து விறைப்பு இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே மருத்துவமனை.

குணமான பிறகும் காதில் ஒரு குழப்பம் எஞ்சும். எந்த வழியில் போயிருந்தாலும், செவிப்பறைக்குப் பின்னால் நீர் சில வாரங்கள் தங்கியிருக்கும். சில குழந்தைகளுக்கு மூன்று மாதம் கூட ஆகலாம். மூன்றாவது வாரப் பரிசோதனையில் அந்த நீரைக் கண்டு இரண்டாவது புட்டி அமாக்சிசிலின் எழுதுவதற்குக் காரணமே இல்லை. மூன்று மாதம் கடந்தும் அது வற்றவில்லையென்றால் செய்ய வேண்டியது செவித்திறன் சோதனை.